வெளிச்ச வகுப்புக்கு ஒரு மோடு, இருட்டு ஹாலுக்கு ஒரு மோடு

எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு, பக்கத்தில் மணலி ரிஃபைனரி, துறைமுகம், இவற்றைச் சுற்றி எத்தனையோ சப்ளையர்கள், கான்ட்ராக்டர்கள். இந்த பெல்ட்டில் சேஃப்டி கிளாஸ் எடுக்கும் டிரெயினர், ஐ.டி.ஐ. இன்ஸ்ட்ரக்டர், ஸ்மார்ட் கிளாஸ் பார்த்துக்கொள்ளும் ஏ.வி. டெக்னீஷியன் என்று பலர் புரொஜெக்டரை நம்பிப் பிழைக்கிறார்கள். போட்டி கடுமையானது. ஒரே பாடத்தை, ஏறக்குறைய ஒரே ஸ்லைடை வைத்துக்கொண்டு பத்துப் பேர் சுற்றுகிறார்கள். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு உங்கள் ஸ்லைடு தெரியவில்லை என்றால், அடுத்த பேட்ச்சுக்கு வேறொருவரைக் கூப்பிடுவார்கள். அதனால் ரிமோட்டில் இருக்கும் ‘Color Mode’ பட்டனைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

1. முதலில் கறுப்பைப் பாருங்கள்

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஸ்லைடில் கறுப்பாக இருக்கும் இடத்தில் அது வெளிச்சம் போடாமல் விடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் அறையின் வெளிச்சம் சுவரில் பட்டு என்ன நிறம் காட்டுகிறதோ, அதுதான் உங்கள் கறுப்பு. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் கிழக்கே இருக்கிறது. காற்றுக்காகக் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்த வகுப்பில் காலை ஒன்பது மணிக்கு அந்தக் ‘கறுப்பு’ வெளிர் சாம்பலாக இருக்கும். மார்கழி, தையில் வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருவதால் அறைக்குள் இன்னும் ஆழமாக நுழையும்.

கான்ட்ராஸ்ட் என்பது திரையின் வெள்ளை, கறுப்பைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு. ஆடியோவிஷுவல் துறையின் இன்ஃபோகாம் அமைப்பு 2011இல் இதற்கு ஒரு தரம் வகுத்தது. சும்மா பார்த்துக் கேட்டால் போதும் என்ற நிகழ்ச்சிக்கு 7:1. ஸ்லைடைப் படித்துப் புரிந்து முடிவெடுக்க வேண்டும் என்றால் 15:1. நுணுக்கமான டிராயிங்கை ஆராய 50:1. முழுமையான வீடியோவுக்கு 80:1. இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

2. ஃபோனை எடுத்து அளந்து பாருங்கள்

லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை ஃபோனில் போட்டுக்கொள்ளுங்கள். முழு வெள்ளை ஸ்லைடை வையுங்கள். ஃபோனின் முகம் புரொஜெக்டரைப் பார்க்கும்படி திரையின் நடுவில் பிடித்து ஒரு ரீடிங் எடுங்கள். பிறகு ரிமோட்டில் ‘A/V Mute’ அழுத்தி, அதே இடத்தில் இன்னொரு ரீடிங். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் உங்கள் அறையின் கான்ட்ராஸ்ட். ஃபோன் சென்சார் துல்லியமானது அல்ல என்பது உண்மை. ஆனால் இரண்டு ரீடிங்கும் அதே ஃபோன் என்பதால் பிழையின் பெரும்பகுதி வகுத்தலில் அடிபட்டுப் போகும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். புரொஜெக்டர் உண்மையில் தருவது 3000 லூமென். படம் 2 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம், அதாவது 2.5 சதுர மீட்டர். வெள்ளை ஸ்லைடு சுவரில் போடும் வெளிச்சம் 3000-ஐ 2.5-ஆல் வகுத்தால் 1200 லக்ஸ். ஜன்னலும் டியூப்லைட்டும் சேர்ந்து அதே சுவரில் 200 லக்ஸ் போடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை 1400, கறுப்பு 200. கான்ட்ராஸ்ட் 7:1. தலைப்பைப் படிக்கலாம், அட்டவணையைப் படிப்பது சிரமம்.

இதே அறையில் ‘Cinema’ மோடு போட்டால்? பல மாடல்களில் அது வெளிச்சத்தைப் பாதி வரை குறைத்துவிடும். 1500 லூமென் என்று வைத்தால் கான்ட்ராஸ்ட் 4:1. கடைசி பெஞ்ச் அங்கேயே தூங்கிவிடும்.

3. பகல் வகுப்பில் Dynamic, தயங்க வேண்டாம்

லாம்ப் வைத்த புரொஜெக்டர்களில் ஒளி தருவது பாதரச விளக்கு. அதில் பச்சையும் நீலமும் அதிகம், சிவப்பு குறைவு. நிறத்தைச் சரிக்கட்ட வேண்டும் என்றால் மிஞ்சிய பச்சையை வெட்ட வேண்டும். நம் கண்ணுக்கோ பச்சைதான் மிகப் பிரகாசமாகத் தெரியும் நிறம். பச்சையை வெட்டினால் வெளிச்சமும் கூடவே போய்விடுகிறது. ‘Dynamic’ அந்தப் பச்சையை வெட்டாமல் விடுகிறது, ‘Cinema’வும் ‘sRGB’யும் வெட்டிச் சரிசெய்கின்றன. பெட்டியின் மேல் அச்சிட்ட லூமென் எண், மிகப் பிரகாசமான மோடில் புது லாம்ப்புடன் எடுத்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பகல் வகுப்பில் பச்சைச் சாயல் பெரிய பிரச்சினை இல்லை. ஜன்னல் வெளிச்சம் எல்லா நிறத்தின் மேலும் வெள்ளைப் பூச்சுப் பூசிவிடுவதால், ‘Cinema’ கஷ்டப்பட்டுத் திருத்திய நிறம் உங்கள் ஆட்களின் கண்ணுக்குப் போய்ச் சேரவே சேராது. போய்ச் சேர வேண்டியது எழுத்து. அதற்கு லூமென் வேண்டும். கூடவே பவர் செட்டிங்கில் ‘Eco’ இருக்கிறதா என்று பாருங்கள். Dynamic போட்டுவிட்டு Eco-வை அணைக்காமல் விடுபவர்கள் ஏராளம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை அது.

ஸ்லைடையும் மாற்றுங்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. அடர்நீலப் பின்னணியில் சாம்பல் எழுத்து ஆஃபீஸ் லேப்டாப்பில் அழகாகத் தெரியும், இங்கே காணாமல் போகும். பச்சை போர்டின் மேல் போட வேண்டிய கட்டாயம் வந்தால் ‘Blackboard’ மோடு நிறத்தை ஓரளவு சரிக்கட்டும். ஆனால் போர்டு ஒளியை விழுங்குவதை எந்த மோடும் தடுக்காது. பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

4. மஞ்சள் ஹெல்மெட் டெஸ்ட்

சேஃப்டி வகுப்பு எடுப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பாதுகாப்புப் பலகைகளில் சிவப்பு என்றால் தடை, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, நீலம் என்றால் கட்டாயம், பச்சை என்றால் பாதுகாப்பான வழி. நிறமே பாடமாக இருக்கும்போது நிறம் புரண்டால் பாடமும் புரளும்.

ஒரு முழு மஞ்சள் ஸ்லைடு தயாராக வைத்திருங்கள். சைட்டில் மஞ்சள் ஹெல்மெட்டுக்குப் பஞ்சமில்லை. அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரையின் மஞ்சள் எலுமிச்சைப் பச்சைப் பக்கம் சாய்ந்தால், Dynamic மோடின் பச்சை மிஞ்சுகிறது. கடுகு நிறமாக மங்கினால், அது பெரும்பாலும் டி.எல்.பி. புரொஜெக்டர். விலை குறைந்த டி.எல்.பி.களில் சுழலும் கலர் வீலில் நிறமில்லாத ஒரு துண்டு இருக்கும். பிரகாச மோடில் அது வெள்ளையை மட்டும் ஏற்றிவிடும். வெள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சளும் சிவப்பும் அழுக்காகத் தெரியும். மூன்று பேனல் வைத்த எல்.சி.டி. வகையில் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டு நிலையிலும் ஒரு படி மட்டும் இறங்குங்கள்: ‘Presentation’ அல்லது ‘Standard’. இறங்கியதும் ஃபோனில் மறுபடி அளந்து, 7:1-க்குக் கீழே போகவில்லை என்று உறுதிசெய்யுங்கள். போகிறது என்றால் Dynamic-லேயே இருந்துகொண்டு, அச்சடித்த பலகைகளைக் கையில் தூக்கிக் காட்டுங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

5. இருட்டு ஹாலில் கணக்கே வேறு

அதே புரொஜெக்டரை மூடிய ஆடிட்டோரியத்துக்கு எடுத்துப் போகிறீர்கள். படம் 4 மீட்டருக்கு 2.5 மீட்டர், 10 சதுர மீட்டர். Cinema மோடின் 1500 லூமென் இங்கே 150 லக்ஸ்தான். குறைவாகத் தோன்றும். சாதாரண வெள்ளைத் திரையில் அது ஏறக்குறைய 48 நிட்ஸ் பிரகாசம் தரும். டிஜிட்டல் சினிமா தியேட்டர்களுக்கு விதித்த அளவும் 48 நிட்ஸ்தான். அறை வெளிச்சம் திரையில் 2 லக்ஸ் மட்டும் இருந்தால் கான்ட்ராஸ்ட் 76:1 வரும். வீடியோவுக்கான 80-ஐக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டீர்கள்.

இங்கே Dynamic போட்டால் மூன்று தப்பு உடனே தெரியும். முகங்கள் பச்சை பூசியது போல் இருக்கும், மறைக்க ஜன்னல் வெளிச்சம் இல்லை. வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். ஃபேன் முழு வேகத்தில் ஓடும் சத்தம் அமைதியான ஹாலில் முன்வரிசைக்குக் கேட்கும். அங்கே மேனேஜர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். எனவே Cinema அல்லது sRGB, கூடவே Eco. ஸ்லைடு பின்னணியை அடர் நிறமாக்குங்கள். இருட்டில் முழு வெள்ளை ஸ்லைடு கண்ணைக் கூச வைக்கும்.

வெயிலிலிருந்து நேராக உள்ளே வந்து மோடு முடிவு செய்யாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் வேண்டும். அதற்கு முன் எல்லாமே மங்கலாகத் தெரியும், அவசரத்தில் Dynamic அழுத்திவிடுவீர்கள்.

6. நேற்று நன்றாக இருந்தது, இன்று மங்கல்

பல மாடல்களில் மோடு ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாகப் பதிவாகும். எச்.டி.எம்.ஐ.யில் Dynamic வைத்தீர்கள், வி.ஜி.ஏ.யில் செருகியதும் பழைய மோடு வந்துவிடும். கேபிள் மாற்றினால் மெனுவைத் திறந்து பாருங்கள்.

மோடு சரியாக இருந்தும் மங்கல் என்றால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நிலக்கரித் தூசியும் சாம்பலும் பறக்கும் எண்ணூர்ப் பக்கத்தில், கையேட்டில் சொன்ன இடைவெளி வரை காத்திருந்தால் ஃபில்டர் கறுத்துவிடும். காற்று போகவில்லை என்றால் சூடு ஏறும். சூடு ஏறினால் சில மாடல்கள் தாமாகவே லாம்ப்பைக் குறைக்கும், இன்னும் ஏறினால் அணைந்துவிடும். பொதுவான இயக்க வரம்பு 35 அல்லது 40 டிகிரி. தகரக் கூரை ஷெட்டில் சித்திரை மதியம் அதைச் சுலபமாகத் தாண்டும். அப்படிப்பட்ட இடத்தில் Dynamic வகுப்பைக் காலையில் போட்டுக்கொள்ளுங்கள்.

7. புது புரொஜெக்டர் கேட்பதற்கு முன்

மேலே சொன்ன வகுப்புக்குத் திரும்புவோம். 7:1 போதவில்லை. 6000 லூமென் புரொஜெக்டர் வாங்கினால் 2400-உடன் 200 சேர்த்து, 200-ஆல் வகுத்து 13:1. பழையதையே வைத்துக்கொண்டு, திரைக்கு முன்னாலுள்ள டியூப்லைட்டை அணைத்து ஜன்னலுக்குத் திரை போட்டு 200 லக்ஸை 100 ஆக்கினாலும் அதே 13:1. படத்தையும் 1.6 மீட்டருக்கு 1 மீட்டராகச் சுருக்கினால் ஏறக்குறைய 20:1, அதாவது படித்து முடிவெடுக்கப் போதுமான அளவுக்கு மேல். ஆனால் எழுத்தும் அதே விகிதத்தில் சிறுத்துவிடும் என்பதால் ஃபாண்ட் அளவைக் கூட்டுங்கள்.

இந்த மூன்று கணக்கையும் நீங்கள் அளந்த லக்ஸ் எண்களோடு ஒரே பக்கத்தில் எழுதி ஹெச்.ஆர். மேசையில் வையுங்கள். முதலில் திரைச்சீலைக்குப் பணம் கேளுங்கள், அது உடனே சாங்ஷன் ஆகும். அடுத்த வருஷம் நீங்களே 5000 லூமென் கேட்டு எழுதும்போது, உங்கள் எண்ணை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள்.