ஆய்வறிக்கை எழுதுதல்: குளத்து நீரில் ஆக்சிஜன்

ஆய்வறிக்கை நோக்கம், செய்முறை, அளவீடு, கணக்கீடு, முடிவு என்னும் வரிசையில் அமையும். கண்டதை அவ்வாறே பதிவுசெய்தலே அதன் உயிர்நிலை. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

நோக்கம்: குளத்து நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவையையும் அளவிடுதல்.

செய்முறை: காற்றுக்குமிழி புகாதவாறு இரண்டு புட்டிகளில் நீர் நிரப்பப்பட்டது. முதற்புட்டியின் ஆக்சிஜன் விங்க்ளர் முறையில் உடனே அளவிடப்பட்டது. மற்றொன்று 20°C வெப்பநிலையில் 5 நாள்கள் இருளில் வைக்கப்பட்டது. வெளிச்சம் பட்டால் நீரிலுள்ள பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிட்டு அளவீட்டைப் பிழையாக்கும்.

அளவீடு: முதல் நாள் லிட்டருக்கு 6.8 மி.கி.; ஐந்தாம் நாள் இறுதியில் 0.

இங்கு, 'தேவை 6.8 மி.கி.' என எழுதுவது பிழையாகும். ஆக்சிஜன் இடையிலேயே தீர்ந்துவிட்டதால், உண்மைத் தேவை அதனினும் மிகுதியாக இருக்கலாம். ஆகவே, புதிய மாதிரி எடுக்கப்பட்டது. அதில் 60 மி.லி., காற்றூட்டிய நீர்ப்பு நீருடன் கலந்து 300 மி.லி. ஆக்கப்பட்டது, அஃதாவது ஐந்து மடங்கு நீர்க்கப்பட்டது. தொடக்க அளவு 8.0, ஐந்து நாள்களுக்குப் பின் 4.4.

கணக்கீடு: (8.0 − 4.4) × 5 = 18 மி.கி./லி.

இறுதியில் குறைந்தது 1 மி.கி. எஞ்சியும், 2 மி.கி.யேனும் குறைந்தும் இருந்தால்தான் இம்முடிவு ஏற்கத்தக்கது. இரண்டும் இங்கு நிறைவேறின.

முடிவு: தேவை லிட்டருக்கு 18 மி.கி.; நீரில் சிதையும் கரிமப்பொருள் மிகுந்துள்ளது. முதல் முயற்சி பயன்படாமையையும் அதன் காரணத்தையும் அறிக்கையில் மறைக்காது குறிப்பிடுதல் வேண்டும்.