பேக் ஃபில்டரை எதுவரை ஓட்டலாம்?

கேள்வி: கெலவரப்பள்ளி அணைப் பக்கம் எங்கள் அசெம்பிளி யூனிட். மணிக்கு 18,000 கன மீட்டர் வெளிக்காற்றை ஏ.எச்.யூ. இழுக்கிறது, மோட்டாருக்கு வி.எஃப்.டி. உண்டு. ஆறு எஃப்7 பேக் ஃபில்டர்கள், புதிதில் 90 பாஸ்கல், பிறகு மாதம் சுமார் 20 பாஸ்கல் ஏறுகிறது. லேபிளில் 450 பாஸ்கல் என்று இருப்பதால் அதுவரை ஓட்டச் சொல்கிறார் முதலாளி. சப்ளையரோ எஃப்9-க்கு மாறி, முன்னால் ஜி4 ப்ரீ ஃபில்டரும் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் ஒரே தராசில் நிறுக்கலாம். உங்கள் யூனிட்டில் ஒரு பாஸ்கல் தடைக்கு ஆண்டுக்கு எவ்வளவு மின்கட்டணம் என்று முதலில் பாருங்கள். 18,000 கன மீட்டர் என்பது நொடிக்கு 5 கன மீட்டர். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடுகிறது, ஃபேனும் மோட்டாரும் சேர்ந்து பாதித் திறனில் இயங்குகின்றன என்று வைத்தால், ஒரு பாஸ்கலுக்கு 60 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 480 ரூபாய். மாதத்துக்கு 40 ரூபாய்.

450 என்பது பழைய ஐரோப்பிய தரம் ஈ.என். 779-இல் ஆய்வுக்கூடச் சோதனையை முடிக்கும் அளவு. அதுவரை ஓட்டுவது சிக்கனம் என்று அது சொல்லவில்லை. ஒரு செட் மாற்றக் கூலியோடு 20,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். 450-ஐத் தொட 18 மாதம் ஆகும். சராசரித் தடை 270 பாஸ்கல். மின்சாரமும் ஃபில்டர் விலையும் சேர்ந்து மாதம் சுமார் 11,900 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினாலும் சுமார் 11,500 ரூபாய் ஆகிவிடும். ஏழாவது மாதம், 230 பாஸ்கலில் மாற்றினால் 9,250 ரூபாய்தான். ஆறில் மாற்றினாலும் ஒன்பதில் மாற்றினாலும் வித்தியாசம் இருநூறு ரூபாய்க்குள். ஆகவே ஷட்டவுன் வரும் வாரமாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கடைசிக் காலத்தில் தடை நேர்கோட்டில் ஏறாமல் வேகமெடுக்கும் என்பதால், ஒன்பதைத் தாண்ட வேண்டாம்.

ப்ரீ ஃபில்டர் கேட்க நல்ல யோசனைதான். ஆனால் ஜி4-க்கும் சராசரியாக 60 பாஸ்கல் தடை இருக்கும். ஆண்டுக்கு 28,800 ரூபாய். அது பேக் ஃபில்டரின் ஏற்றத்தைப் பாதியாகக் குறைத்தாலும் உங்களுக்கு மிச்சமாவது சுமார் 20,000 ரூபாய். நஷ்டம்தான். கல் கிரஷர், மண் ரோடு பக்கத்தில் இருந்து மாதம் 40 பாஸ்கல் ஏறும் இடங்களில்தான் கணக்கு சமனாகும். ஜி4-ஐப் போட்டே ஆக வேண்டும் என்று பலரும் பழக்கத்தில் சொல்கிறார்கள்.

இனி எஃப்9. தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓடும் லாரிகளின் டீசல் கரி பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அதற்கு எஃப்7, எஃப்9 என்ற பெயர்கள் போதாது. இப்போது நடப்பில் உள்ள ஐ.எஸ்.ஓ. 16890-இன்படி, ஈ.பி.எம்.1 எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். எஃப்7 சுமார் 50 முதல் 65. எஃப்9 எண்பதுக்கு மேல். வெளியே கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தால், 60 சதவீத ஃபில்டர் 20-ஐ உள்ளே விடும். 80 சதவீதம் 10-ஐ விடும். இந்தப் பத்துக்காக 40 பாஸ்கல் கூடினால் ஆண்டுக்கு 19,200 ரூபாய், ஃபில்டரின் கூடுதல் விலை தனி. லென்ஸ், சென்சார் பொருத்துகிறீர்கள் என்றால் தாராளமாக மாறுங்கள். சாதாரண அசெம்பிளிக்கு எஃப்7 போதும் என்பது என் கருத்து.

எஃப்7-இலும் ஒன்று கவனியுங்கள். சில செயற்கை இழை ஃபில்டர்கள் நிலைமின்னூட்டத்தால் தூசியைப் பிடிப்பவை. கரியும் எண்ணெய்ப் புகையும் படிந்தால் மின்னூட்டம் போய்விடும். தடை அப்படியே இருக்க, நுண்துகள் மட்டும் உள்ளே வரும். கேஜ் இதைக் காட்டாது. அதனால் 16890 சோதனையில் மின்னூட்டத்தை நீக்கி எடுத்த குறைந்தபட்ச ஈ.பி.எம்.1 அளவைச் சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். அது 50-க்குக் கீழே இருந்தால் அந்த ஃபில்டரை ஈ.பி.எம்.1 வகையில் சேர்க்கவே முடியாது.

மேக்னஹெலிக் கேஜை வாரம் ஒரு நாள், ஒரே ஃபேன் வேகத்தில் பார்த்து எழுதுங்கள். மார்கழிப் பனிமூட்டத்தில் ஃபில்டர் நனைந்து அளவு எகிறும். வெயில் வந்ததும் இறங்கிவிடும், அந்த ஏற்றத்தை நம்பி மாற்றாதீர்கள். திடீரென்று 150-லிருந்து 100-க்கு இறங்கினால் பை கிழிந்திருக்கும், அல்லது கேஸ்கெட் விலகியிருக்கும். யாராவது ஏர் லைனால் ஊதி 'கிளீன்' செய்திருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

வி.எஃப்.டி. இல்லாத இன்னொரு ஏ.எச்.யூ. உங்களிடம் இருந்தால், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தடை ஏறினால் கட்டணம் அவ்வளவாக ஏறாது, காற்றுதான் குறையும். வடிவமைப்பு அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே காற்று போனால், பாஸ்கல் எதுவானாலும் மாற்றிவிடுங்கள்.