‘நல்லா இருக்கு’ என்றால் குட்டா, வெல்லா?

கோவிலம்பாக்கத்தில் ரேடியல் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், வீட்டு மாடியில், சாயங்காலம் இருட்டிய பிறகு போட்டித் தேர்வுக்கான ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பகலில் துரைப்பாக்கம் கம்பெனிகளிலோ பல்லாவரம் கடைகளிலோ வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள். பெரும்பாலானோர் எழுதுவது எஸ்.எஸ்.சி. தேர்வும் வங்கித் தேர்வும். எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு அரை மதிப்பெண் கழிவு. அந்த 25-க்குள் கோடிட்ட இடம் நிரப்புவதும் பிழை கண்டுபிடிப்பதும் வரும். அட்ஜெக்டிவ், அட்வர்ப் குழப்பம் இந்த இரண்டு வகையிலும் ஒளிந்திருக்கும்.

‘ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுலி’ என்பதில் யாரும் தடுமாறுவதில்லை. பாடுவது வினை, அது எப்படி என்று சொல்வது அட்வர்ப், கடைசியில் எல்.ஒய். பள்ளிக்கூடத்திலேயே மனதில் ஏறிவிடுகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான் கரும்பலகையில் ‘த சாம்பார் டேஸ்ட்ஸ் ____’ என்று எழுதி, குட், வெல் இரண்டையும் கொடுத்தால் பாதி வகுப்பு வெல் என்று கை தூக்கும். காரணம் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்: “டேஸ்ட்ஸ் வெர்ப் மிஸ். வெர்புக்குப் பக்கத்துல அட்வர்ப்தானே வரணும்?”

காரணம் அது மட்டுமல்ல. நம் வாயிலேயே ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. ‘அவன் நல்லா படிக்கிறான்’, ‘சாம்பார் நல்லா இருக்கு’, ‘பாட்டி இப்ப நல்லா இருக்காங்க’ என்று மூன்று இடத்திலும் ஒரே ‘நல்லா’வைப் போடுகிறோம். (‘உனக்கு நல்லா வேணும்’ என்பது தனிக் கணக்கு.) எழுத்துத் தமிழிலும் அப்படித்தான். ‘அழகான பூ’ என்போம், ஆனால் ‘பூ அழகாக இருக்கிறது’ என்போம். ‘ஆன’ வந்தால் பெயரடை, ‘ஆக’ வந்தால் வினையடை என்று மனப்பாடம் செய்த பிள்ளை, ‘அழகாக இருக்கிறது’ என்பதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ‘பியூட்டிஃபுலி’ என்று இறக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த இடம் அட்ஜெக்டிவுக்கு உரியது. பூ என்ன செய்தது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பூ எப்படிப்பட்டது என்றுதான் சொல்கிறோம்.

அதனால் என் வகுப்பில் முதல் கேள்வி, கோட்டுக்கு முன்னால் என்ன வினை இருக்கிறது என்பதல்ல. கோட்டில் வரப்போகிற சொல் யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதே. ஆளையோ பொருளையோ பற்றிப் பேசினால் அட்ஜெக்டிவ். செயலைப் பற்றிப் பேசினால் அட்வர்ப்.

இதைச் சோதிக்க ஒரு உபாயம் வைத்திருக்கிறேன். வாக்கியத்தின் வினையை எடுத்துவிட்டு அங்கே ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ போட்டுப் பார்க்க வேண்டும். ‘த சாம்பார் டேஸ்ட்ஸ் ____’ என்பது ‘த சாம்பார் இஸ் ____’ ஆகிறது. வாக்கியம் நிற்கிறது, பொருளும் ஏறக்குறைய அதேதான். அப்படியானால் குட். இப்போது ‘த குக் டேஸ்டட் த சாம்பார் ____’ என்று மாற்றிப் பாருங்கள். வினை அதே டேஸ்ட்தான். ஆனால் ‘வாஸ்’ போட்டால் சமையல்காரரே சாம்பார் ஆகிவிடுவார். வாக்கியம் விழுகிறது. இங்கே அவர் நாக்கில் வைத்துப் பார்க்கிற செயல் நடக்கிறது, ஆகவே கேர்ஃபுலி. ஸ்மெல், ஃபீல், சவுண்ட், லுக் எல்லாமே இப்படி இரட்டை வேலை பார்ப்பவை. லாரித் தண்ணீர் நாறினால் ‘த வாட்டர் ஸ்மெல்ஸ் பேட்’. அதே தண்ணீரை முகர்ந்து பார்த்தால் ‘ஷீ ஸ்மெல்ட் த வாட்டர் கேர்ஃபுலி’. பிகம், சீம், ரிமெய்ன், ஸ்டே ஆகியவற்றையும் ‘ஆகிவிட்டது’ என்ற பொருளில் வரும் டர்ன், க்ரோ, கோ ஆகியவற்றையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பால் கெட்டுப்போனால் ‘த மில்க் வென்ட் பேட்’, பேட்லி அல்ல.

இந்தச் சோதனை ஏமாற்றுகிற இடமும் ஒன்று உண்டு. ‘ஹீ லுக்ட் ____ அட் த கண்டக்டர்’ என்று கொடுத்து, ஆங்க்ரி, ஆங்க்ரிலி இரண்டையும் வைத்திருப்பார்கள். ‘வாஸ்’ போட்டால் ‘ஹீ வாஸ் ஆங்க்ரி அட் த கண்டக்டர்’ என்று வாக்கியம் ஜம்மென்று நிற்கும். ஆனால் பொருள் மாறிவிட்டது. லுக் என்பதோடு ‘அட்’ வந்தால் கண் வேலை செய்கிறது, ஒருவரை நோக்கிப் பார்வை போகிறது. பார்த்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும், ஆகவே ஆங்க்ரிலி. ‘அட்’ இல்லாமல் ‘ஹீ லுக்ட் ____’ என்று மட்டும் வந்தால் அவர் முகம் கோபமாகத் தெரிந்தது என்று பொருள், அப்போது ஆங்க்ரி. வினையை மாற்றிய பிறகு வாக்கியம் நிற்கிறதா என்பதோடு, சொல்ல வந்தது அதேதானா என்றும் ஒரு நொடி கேட்டுக்கொள்வது நல்லது.

வெல் என்ற சொல்லுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. உடல்நலத்தைச் சொல்லும்போது அதுவே அட்ஜெக்டிவ். பாட்டி காய்ச்சலிலிருந்து எழுந்துவிட்டார் என்றால் ‘ஷீ இஸ் வெல் நவ்’. ‘ஐ ஃபீல் குட்’, ‘ஐ ஃபீல் வெல்’ இரண்டுமே சரி. முன்னது மனநிறைவு, பின்னது உடம்பு. வாக்கியத்தில் ஹாஸ்பிடல், ஃபீவர், மெடிசின் போன்ற சொல் தட்டுப்பட்டால் வெல் பக்கம் சாய வேண்டும்.

குட், வெல் ஜோடியில் தேர்வாளர்களுக்கு மிகவும் பிடித்த பொறி வேறு. ‘ஷீ ஸ்பீக்ஸ் ____ இங்கிலீஷ்’ என்று ஒரு கேள்வி, ‘ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ____’ என்று இன்னொன்று. சொற்கள் அதேதான், கோடு மட்டும் இடம் மாறியிருக்கிறது. முதல் வாக்கியத்தில் கோட்டுக்கு அடுத்து இங்கிலீஷ் என்ற பெயர்ச்சொல் நிற்கிறது. கோட்டில் வருவது அதைத்தான் தழுவும், ஆகவே குட். இரண்டாவதில் பெயர்ச்சொல் தாண்டிப் போய்விட்டது, மிச்சம் இருப்பது பேசுகிற செயல், ஆகவே வெல். கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் வினையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முதல் கேள்வியைக் கோட்டைவிடுவார்கள். கோட்டுக்கு வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

இனி ஹார்டு. நம் ‘ஆக’ இங்கே இன்னும் பெரிய குழி தோண்டுகிறது. ‘கடினமாக உழைத்தேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லப்போனால் ‘ஆக’வுக்கு எல்.ஒய். ஒட்டி ‘ஐ ஒர்க்ட் ஹார்ட்லி’ என்று வந்துவிடும். அதன் பொருள் நேர் எதிர்: நான் உழைக்கவே இல்லை என்று சொன்ன மாதிரி. வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பயோடேட்டாவில் இந்த வரியைப் பார்த்திருக்கிறேன். படிக்கிற மேலாளர் சிரித்துவிட்டு ஓரமாக வைத்திருப்பார். ஹார்டு என்பது அட்ஜெக்டிவாகவும் இருக்கும், எந்த மாற்றமும் இல்லாமல் அட்வர்பாகவும் இருக்கும். ஹார்ட்லி என்பது வேறு சொல். ‘அரிதாகவே’, ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்பதுதான் அதன் பொருள்.

வகுப்பில் நான் அடிக்கடி எழுதுகிற கேள்வி இது. ‘த வாட்ச்மேன் ஒர்க்ட் ____ ஆல் நைட், ஸோ ஹீ குட் ____ கீப் ஹிஸ் ஐஸ் ஓப்பன்.’ விடைகள் நான்கு: ஹார்டு – ஹார்ட்லி, ஹார்ட்லி – ஹார்டு, ஹார்டு – ஹார்டு, ஹார்ட்லி – ஹார்ட்லி. பொருளை யோசிப்பதற்கு முன்பே இடத்தைப் பாருங்கள். முதல் கோடு ஒர்க்ட் என்ற வினைக்குப் பின்னால் இருக்கிறது. ஹார்டு அட்வர்பாக வரும்போது உட்காருகிற இடம் அதுதான். இரண்டாவது கோடு குட் என்ற துணைவினைக்கும் கீப் என்ற வினைக்கும் நடுவில் இருக்கிறது. ஹார்ட்லி அங்கேதான் நுழையும். ஹார்டு அங்கே ஒருபோதும் நிற்காது. ஆகவே முதல் விடை. பிறகு பொருளை வைத்துச் சரிபாருங்கள்: இரவெல்லாம் நன்றாக உழைத்தார், கண்ணைத் திறந்து வைக்கவே முடியவில்லை. பொருந்துகிறது. இடம் சொல்வதும் பொருள் சொல்வதும் ஒன்றானால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஹார்ட்லியின் வயிற்றுக்குள் ஏற்கெனவே ஒரு ‘இல்லை’ இருக்கிறது. அதனால் ‘ஹீ குடன்ட் ஹார்ட்லி வாக்’ என்பது பிழை. ‘ஹீ குட் ஹார்ட்லி வாக்’ என்பதே சரி. பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் நாட், நோ, நெவர் எதற்காவது அருகில் ஹார்ட்லி தென்பட்டால் விரல் அங்கேயே நிற்கட்டும். ‘ஹார்ட்லி எனி மனி’ சரி, ‘ஹார்ட்லி நோ மனி’ தவறு.

லேட், லேட்லி ஜோடியும் இதே ஜாதி. லேட் என்றால் தாமதமாக, லேட்லி என்றால் சமீப காலமாக. பஸ் வந்தது லேட், லேட்லி அல்ல. நியர் என்றால் அருகில், நியர்லி என்றால் கிட்டத்தட்ட.

எல்.ஒய். இருந்தால் அட்வர்ப் என்ற நம்பிக்கைக்கு எதிர்ப்பக்கத்திலும் அடி விழும். ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, காஸ்ட்லி ஆகியவை அட்ஜெக்டிவ்கள். ‘ஷீ ஸ்போக் டு மீ ஃப்ரெண்ட்லி’ என்று எழுதக் கூடாது; ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று சுற்றித்தான் போக வேண்டும். சந்தேகம் வந்தால் எல்.ஒய்.யை வெட்டிப் பாருங்கள். மிஞ்சுவது ஃப்ரெண்ட், லவ், காஸ்ட் என்று பெயர்ச்சொல்லாக இருந்தால் முழுச்சொல் பெரும்பாலும் அட்ஜெக்டிவ். ஸ்லோ, கேர்ஃபுல் என்று அட்ஜெக்டிவாக மிஞ்சினால் முழுச்சொல் பெரும்பாலும் அட்வர்ப்.

மேடவாக்கம் சாலையில் மெட்ரோ வேலை நடக்கும் பக்கமாக வண்டி ஓட்டி வருகிற ஒரு பையன், வந்ததும் வராததுமாகக் கேட்டான்: “மிஸ், போர்டுல கோ ஸ்லோன்னு போட்டிருக்காங்க. ஸ்லோலின்னுதானே இருக்கணும்?” நியாயமான கேள்விதான். ஆனால் பலகை தவறில்லை. ஸ்லோ, குயிக், லவுட் போன்ற சில சொற்களை ஆங்கிலக்காரர்களே பேச்சிலும் சாலைப் பலகையிலும் எல்.ஒய். இல்லாமல் அட்வர்பாகப் பயன்படுத்துகிறார்கள். தேர்வுத்தாள் அந்த அளவுக்குத் தாராளம் காட்டாது. ‘த லாரி மூவ்ட் ____ ஆன் த ரேடியல் ரோடு’ என்று கேட்டு இரண்டையும் கொடுத்திருந்தால் ஸ்லோலியைக் குறிப்பதே பாதுகாப்பு. ஒப்பிடும்போது எச்சரிக்கை: ‘மோர் ஸ்லோ’ என்பது எங்கேயும் செல்லாது. ‘மோர் ஸ்லோலி’ என்பதே தேர்வுத்தாளுக்கு ஏற்றது, பேச்சில் ‘ஸ்லோவர்’ போதும். ஃபாஸ்ட்டுக்கு இந்த வம்பே இல்லை. ஃபாஸ்ட்லி என்று விடைகளில் ஒன்றைப் பார்த்தால் முதல் பார்வையிலேயே அடித்துவிடலாம். ஃபாஸ்ட் தன்னந்தனியாக இரண்டு வேலையையும் பார்த்துக்கொள்கிறது.