மொழிபெயர்ப்பும் ஓர் அமானிதமே: சந்தேகத்தை அழகுபடுத்தாதீர்கள்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் சொல்லப்போவது என்னிடமே நடந்த ஒரு தவறு. ஒரு செய்தியை நான் பொய்யாக இட்டுக்கட்டவில்லை. அரபியில் இருந்ததைத் தமிழில் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான். ஆனால் மொழிபெயர்க்கும்போது நான் செய்த ஒரு வேலை, அந்தச் செய்தியை முன்பைவிட ஆபத்தானதாக ஆக்கிவிட்டது.

நடந்தது என்ன?

நம் முஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி தம்மாமில் வேலை செய்கிறார். அவருடைய தாயார் இங்கே தனியாக இருக்கிறார். ஏற்கெனவே இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அந்தத் தம்பி வாட்ஸ்அப்பில் ஓர் அரபி ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "ஹஜ்ரத், உம்மாவுக்குப் புரியிற மாதிரி தமிழ்ல எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். தனியாக இருக்கும்போது நெஞ்சுவலி வந்தால், தொடர்ந்து இருமி உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற செய்தி அது. உங்களில் பலருக்கும் தமிழிலோ ஆங்கிலத்திலோ வந்திருக்கும்.

பத்து நிமிடத்தில் எழுதி அனுப்பினேன். அது குடும்பக் குழுவிலிருந்து முஹல்லா குழுவுக்குப் போனது. தலைப்பில் யாரோ "ஹஜ்ரத் மொழிபெயர்த்தது" என்று சேர்த்துவிட்டார்கள். மறுவாரம் அந்தத் தாயாரைப் பார்த்து நலம் விசாரித்தேன். அவர் சொன்னார்: "இனிமே ராத்திரி நேரத்துல பக்கத்து வீட்டை எழுப்ப வேண்டியதில்ல ஹஜ்ரத். இருமிப் பாத்துக்கிறேன். விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போயிக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஜமாஅத்தில் தொழ வரும் ஒரு மருத்துவரிடம் மூலத்தையும் என் தமிழையும் காட்டினேன். இரண்டையும் படித்துவிட்டு அவர் சொன்னார்: "மூலத்தைப் படிச்சாலாவது ஒருத்தருக்குச் சந்தேகம் வரும் ஹஜ்ரத். உங்க தமிழைப் படிச்சா வராது."

நான் செய்த நான்கு 'திருத்தங்கள்'

வீட்டுக்கு வந்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்கு இடங்களில் என் கை வேலை செய்திருந்தது.

முதலாவது, மூலத்தின் தலைப்பில் "நவ்பா கல்பிய்யா" என்று இருந்தது. மாரடைப்பு என்று பொருள். கீழே வந்ததும் "தவக்குஃபுல் கல்ப்" என்று இருந்தது. இதயம் நின்றுபோவது என்று பொருள். ஒரே விஷயத்தைத்தான் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணி, நான் இரண்டையும் "மாரடைப்பு" என்று ஆக்கிவிட்டேன்.

இரண்டாவது, "மயக்கம் வருமுன் உனக்கு 10 நொடிகளே உள்ளன" என்று இருந்தது. மிகைப்படுத்தலாகத் தெரிந்ததால் "சில நிமிடங்களே" என்று மாற்றினேன்.

மூன்றாவது, "ஒரு டாக்டர் சொல்கிறார்" என்று இருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. "இதய நோய் நிபுணர்கள் கூறுகின்றனர்" என்று எழுதினேன்.

நான்காவது, "இதைப் படிப்பவர் 10 பேருக்கு அனுப்பினால் ஓர் உயிராவது பிழைக்கும்" என்ற கடைசி வரி. அசிங்கமாக இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டேன்.

சகோதரர்களே, கவனியுங்கள். ஒரு வாசகர் "இது நம்பத்தக்கதுதானா?" என்று நின்று யோசிப்பதற்கு மூலத்தில் இருந்த அடையாளங்களே இந்த நான்கும்தான். முரண்பட்ட சொற்கள், விசித்திரமான எண், பெயரில்லாத டாக்டர், பரப்பச் சொல்லும் வரி. நான் துடைத்தது அழுக்கை அல்ல, எச்சரிக்கையை.

முதல் திருத்தம் ஏன் மிக மோசமானது?

மருத்துவர் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அப்போது பெரும்பாலும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், ஆளும் நினைவோடுதான் இருப்பார். இருமினால் அந்த அடைப்பு திறக்காது. அவருக்கு வேண்டியது தாமதமில்லாமல் மருத்துவமனை. நேரம் போகப் போகத் தசை இறந்துகொண்டே இருக்கும்.

இதயம் நின்றுபோவது வேறு. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் குழம்பி, உடலுக்கு இரத்தம் போவது நின்றுவிடும். சில நொடிகளில் ஆள் விழுந்துவிடுவார். அந்த "10 நொடிகள்" என்ற பேச்சு இதற்குத்தான் ஓரளவு பொருந்தும். அப்படி விழுந்தவர் தானே இருமி எழ முடியாது. பக்கத்தில் இருப்பவர் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும், மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி வர வேண்டும்.

அப்படியானால் இருமல் கதை எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு வேர் உண்டு. இதயக் குழாய்ப் பரிசோதனை நடக்கும் அறையில், திரையில் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும் மருத்துவர், துடிப்பு திடீரெனத் தடம் மாறினால், நினைவோடு இருக்கும் நோயாளியை வேகமாக இருமச் சொல்வதுண்டு. பலமாக இருமும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, சிகிச்சை தொடங்கும் வரையிலான சில நொடிகளுக்கு மூளைக்குக் கொஞ்சம் இரத்தம் போகும். இது அந்த அறைக்கு உரியது. வீட்டில் தனியாக இருப்பவருக்கு இதைக் கற்றுக்கொடுப்பதை அமெரிக்க இதயக் கழகம் பரிந்துரைக்கவில்லை.

ஆக, மூலத்தில் இரண்டு நோய்கள் கலந்து கிடந்தன. இரண்டு சொற்களையும் அப்படியே வைத்திருந்தால், விவரம் தெரிந்த எவரும் அங்கேயே பிடித்திருப்பார். நான் ஒன்றாக்கியதும் பிடி போய்விட்டது.

முஹத்திஸ்கள் எப்படிச் செய்தார்கள்?

எனக்கு வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணம், இதை நான் அரபிக் கல்லூரியில் பாடமாகவே படித்திருக்கிறேன். ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், ஹதீஸ் கலை பற்றிய தம் நூலில், பிரதி எடுப்பவர்கள் வைக்கும் குறிகளை விளக்குகிறார்கள். ஒரு சொல் சரியாகவே இருந்து, பார்ப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடுமானால், அதன் மேல் "ஸஹ்ஹ" என்று எழுதுவார்கள். ஒரு சொல் ஆசிரியரிடமிருந்து அப்படியேதான் வந்திருக்கிறது, ஆனால் சொல்லிலோ பொருளிலோ கோளாறு தெரிகிறது என்றால், அதன் மேல் ஸாத் எழுத்தின் தலையைப் போல் தொடங்கும் ஒரு கோடு இழுப்பார்கள். அதற்கு "ளப்பா" என்று பெயர். அந்தக் கோடு சொல்லின் மீது பட்டுவிடக் கூடாது. பட்டால் அடித்துவிட்டதாக ஆகிவிடும்.

சொல்லை மாற்றுவதில்லை, சந்தேகத்தை மறைப்பதுமில்லை. துணிந்து திருத்திய சிலர், சரியாக இருந்ததையே தவறாக்கிவிட்டார்கள் என்றும் இமாம் அவர்கள் எச்சரிக்கிறார்கள். என்னுடைய "சில நிமிடங்கள்" அப்படிப்பட்டதுதான். அந்த எண் ஒரு நோய்க்கு ஓரளவு பொருந்திக்கொண்டிருந்தது. என் திருத்தம் எதற்கும் பொருந்தவில்லை.

அறிவிப்பாளர் தம் சொந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டாமல் ஹதீஸுக்குள் சேர்த்துவிட்டால் அதை "முத்ரஜ்" என்கிறோம். "நிபுணர்கள் கூறுகின்றனர்" என்று நான் எழுதியது அந்த வகை.

மீண்டும் எழுதியபோது

இரண்டாம் முறை எழுதியதைக் கேளுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என் சொல்.

(முதலில் இதைப் படியுங்கள்: இந்தச் செய்தியில் சொல்லப்படும் முறையை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலி வந்தால் உடனே 108ஐ அழையுங்கள், பக்கத்து வீட்டாரை எழுப்புங்கள்.)

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் உன்னைக் காப்பாற்றிக்கொள். மயக்கம் வருமுன் உனக்கு 10 நொடிகளே உள்ளன (மூலத்தில் இப்படியே உள்ளது. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார் என்கிறார் நம் மருத்துவர்). ஆழமாக மூச்சிழுத்து, 2 நொடிக்கு ஒருமுறை பலமாக இருமு (ஐயம்: இருமல் அடைப்பைத் திறக்காது). இதயம் நின்றுபோவதை (தலைப்பில் மாரடைப்பு, இங்கே வேறு நோய்) இது தடுக்கும் என ஒரு டாக்டர் சொல்கிறார் (பெயர் இல்லை). இதை 10 பேருக்கு அனுப்பு (ஸ்கிரீன்ஷாட் இங்கே வெட்டப்பட்டுள்ளது. தேதியோ அனுப்பியவர் பெயரோ இல்லை).

படிக்க அழகாக இல்லை. தடுக்கித் தடுக்கிப் போகிறது. தடுக்க வேண்டிய இடத்தில்தான் தடுக்குகிறது.

குறிப்பை ஏன் வரிக்குள்ளேயே வைத்தேன் தெரியுமா? கீழே மொத்தமாக வைத்தால், அடுத்தவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அதை வெட்டிவிடுவார். முஹத்திஸ்களும் குறியைச் சொல்லின் மேலேயே வைத்தார்கள். இன்னொன்று, இதைக் கேட்ட தம்பிக்கும் அவர் தாயாருக்கும் மட்டுமே அனுப்பினேன். முஹல்லா குழுவுக்கு இருமல் கதையை மறுபடி எழுதவில்லை. திரும்பத் திரும்பப் படித்தால் மறுப்பு மறந்து கதை மட்டும் நினைவில் நிற்கும். அங்கே, "நான் முன்பு மொழிபெயர்த்தது தவறு, அதை அழித்துவிடுங்கள், நெஞ்சுவலி என்றால் 108" என்று மூன்றே வரி எழுதினேன்.

எதை ஐயம் என்று குறிப்பது என்று கேட்பீர்கள். நான் மருத்துவன் அல்ல, தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒன்றைப் பார்க்க எனக்கும் முடியும்: இந்தச் செய்தியை நம்புகிறவர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவாரா? ஆம் என்றால், தகுதியுள்ளவரிடம் கேட்காமல் அந்த வரி என் கையைத் தாண்டக் கூடாது.

கேட்காமல் சொன்னதன் விலை

ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் வரும் ஒரு சம்பவம் உங்களுக்குத் தெரியும். அதன் தொடரைப் பற்றி முஹத்திஸ்களிடையே பேச்சு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். குளிப்பு கடமையானபோது, தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். அவர்கள் விவரம் அறியாமல், இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது, அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கடுமையாகச் சொன்னார்கள். தெரியாதவனுக்கு மருந்து, கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே என்றும் சொன்னார்கள்.

அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் கெட்ட எண்ணத்தில் மொழிபெயர்க்கவில்லை. ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்வதோடு, அறியாமல் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்துவதைத்தான் எச்சரிக்கிறது. எண்ணம் நல்லதாக இருந்தது என்பது, தீங்கு போய்ச் சேர்ந்த வீட்டில் எதையும் மாற்றாது.

அன்று மாலை நான் அந்தத் தாயாரின் வீட்டுக்கே போனேன். வாசலில் நின்றபடி, "உம்மா, நான் எழுதினது தப்பு. ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பக்கத்து வீட்டை எழுப்புங்க. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க" என்றேன். பக்கத்து வீட்டுக்காரரும் வெளியே வந்து, "எங்க கதவைத் தட்டுங்க உம்மா, நாங்க இருக்கோம்" என்றார். 108 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி, அவர் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தோம்.

யா அல்லாஹ், எங்கள் நாவாலும் எங்கள் பேனாவாலும் எங்கள் விரல்களாலும் உன் அடியார்கள் எவருக்கும் தீங்கு வராமல் காப்பாயாக. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.