விடுப்பு மின்னஞ்சலில் தலைப்பு வரி

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துக் காலணி ஏற்றுமதி நிறுவனங்களில் எச்.ஆர். பிரிவுக்கு ஒரே நாளில் பலருடைய விடுப்புக் கடிதங்கள் வரும். எல்லாவற்றின் தலைப்பிலும் "Leave Letter" என்றே இருந்தால், ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால்தான் யாருடையது என்று தெரியும். சம்பளக் கணக்கு முடிக்கும்போது தேடினாலும் அத்தனையும் ஒன்றாக வந்து நிற்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருக்கும் ஊரில் பெயர் மட்டும் போதாது. டோக்கன் எண்தான் ஆளைக் காட்டும். ஆகவே தலைப்பை இப்படி அமைக்கலாம்:

```
EL 12-14 Feb 2026 | 1482 | Stitching
```

விடுப்பு வகையும் தேதியும் முதலில் வரட்டும். செல்போன் திரையில் நீளமான தலைப்பின் பின்பகுதி தெரியாது. மாதத்தை எழுத்தில் போடுங்கள். 05/06 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்ற குழப்பம், வெளிநாட்டு பையர்களோடு கடிதம் நடத்தும் அலுவலகங்களில் எளிதில் வரும்.

இப்படிச் சுருக்கமாகத் தலைப்பிடுவது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று தயங்குபவர்கள் உண்டு. மரியாதைக்குக் கடிதத்தின் உள்ளே இடமிருக்கிறது. தலைப்பு, கோப்பில் சேர்ப்பவருக்கானது. காரணத்தையும் தலைப்பிலேயே சொன்னால் அவசரம் புரியுமே என்பார்கள். அவசரமென்றால் "Urgent" என்று முன்னால் சேர்த்து, சூப்பர்வைசருக்குப் போனிலும் சொல்லிவிடலாம். நோயின் பெயரை மட்டும் தலைப்பில் எழுத வேண்டாம், பொதுக் கம்ப்யூட்டர் திரையில் அதை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். பழைய விடுப்பு மெயிலுக்கே ரிப்ளை போட்டு அனுப்புவதையும் தவிருங்கள். புதிய விண்ணப்பம் பழைய கடிதத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். தலைப்பிலும் போன மாதத் தேதியே நிற்கும்.