நோன்பும் சர்க்கரை மாத்திரையும்: ஸஹருக்கு எதை எடுப்பது, எப்போது சோதிப்பது?



ரமலான் நெருங்கும்போது நம் வீடுகளில் சர்க்கரை நோயாளிகள் செய்யும் ஏற்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். காலை மாத்திரையை ஸஹருக்கும் இரவு மாத்திரையை நோன்பு திறந்த பிறகும் மாற்றிக்கொள்கிறார்கள். பார்க்கச் சரியாகத் தெரியும் இந்த ஏற்பாட்டில்தான் ஆபத்து இருக்கிறது.

நாங்கள் அறிந்த ஒரு பெரியவர், வயது 58. கிளைமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிட்டு வந்தார். முதல் நோன்பன்று காலை மாத்திரையை ஸஹரில் போட்டுக்கொண்டார். அஸர் தொழுதுவிட்டு வந்தவருக்குக் கை நடுங்கியது, சட்டை நனைய வியர்த்தது. நோன்புக் களைப்பு என்று படுத்துவிட்டார். சிறிது நேரத்தில் பேச்சு குழறவே மகன் சோதித்துப் பார்த்தார். சர்க்கரை 54.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இப்படிச் சர்க்கரை இறங்குவது அரிது. கிளைமிபிரைடு வேறு வகை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதன் வேலை நாள் முழுவதும் நீடிக்கும். வழக்கமான நாளில் காலை மாத்திரைக்குப் பின்னால் பசியாறலும் பகல் சாப்பாடும் இருக்கின்றன. நோன்பில் மஃரிப் வரை எதுவும் இல்லை. கிளிக்ளசைடும் இதே வகை. கிளிபென்கிளமைடு எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும் வாய்ப்பு இன்னும் அதிகம் என்பதால், ரமலானில் அதை மருத்துவர்கள் பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள்.

அந்தப் பெரியவருக்கு மருத்துவர் செய்த மாற்றம் இது. பெரிய அளவு இஃப்தாருக்குப் போனது. ஸஹரில் கிளைமிபிரைடின் அளவு பாதியாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் அப்படியே இருந்தது. இதை வீட்டிலேயே மாத்திரையைப் பாதியாக உடைத்துச் செய்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. இந்தக் கூட்டு மாத்திரைகள் பல, மருந்தை மெல்ல மெல்ல விடுவதற்காகச் செய்யப்பட்டவை. உடைத்தால் அந்த அமைப்பு கெட்டுவிடும். ஆகவே இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். இன்சுலின் போடுபவர்களுக்கும் ஸஹர் நேர அளவைத்தான் கூடுதலாகக் குறைப்பார்கள். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் அளவைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது சோதனை. விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே ஆலிம்களின் கருத்து. ஆனாலும் பலர், பெண்கள் குறிப்பாக, நோன்பு முடியும் வரை கருவியைத் தொடுவதில்லை. கிளைமிபிரைடு வகையோ இன்சுலினோ எடுப்பவர் ஸஹருக்கு முன், நண்பகல், அஸர், நோன்பு திறக்குமுன், திறந்து இரண்டு மணி நேரம் கழித்து எனப் பார்க்க வேண்டும். எல்லா நாளும் முடியாவிட்டாலும் முதல் வாரமும், மருந்து மாற்றிய நாட்களிலும் பாருங்கள். அஸர் நேரத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். படபடப்பு, நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் எது வந்தாலும் உடனே பாருங்கள். பேரீச்சம்பழம் பிட்ட கையோடு பார்த்தால் எண் பொய்யாக ஏறும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

எண் 70க்குக் கீழே இருந்தால் நோன்பை அப்போதே விட வேண்டும். "மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம்தானே" என்று காத்திருக்கக் கூடாது. மயக்கம் வர அந்த இருபது நிமிடம் போதும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறிய பிறகு சிறிது உணவு சாப்பிடுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். 70க்கும் 90க்கும் இடையில் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் பார்க்க வேண்டும். 300ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனத்திலேயே இருக்கிறது. அந்தப் பெரியவர் அன்றைய நோன்பைப் பிறகு களா செய்தார். முதல் வகை சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், அண்மையில் சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள் ஆகியோர் நோன்பைத் தொடங்குமுன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யட்டும். மற்றவர்களும் ரஜப் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டால், புது அளவை ஓரிரு நஃபில் நோன்பில் பழகிப் பார்க்க நாள் கிடைக்கும்.

மாதம் முடிந்ததும் பலர் ரமலான் அளவிலேயே தொடர்ந்துவிடுகிறார்கள். பெருநாளன்று பிரியாணியும் பாயசமும் உள்ளே போகும். ஆனால் காலை மாத்திரை மட்டும் பாதியாகவே இருக்கும். பழைய அளவுக்கு எந்த நாளிலிருந்து திரும்ப வேண்டும் என்பதையும் அதே சீட்டில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.