மலேசியாவில் பிடிச்ச 2 சதவீதம்: ஊர் திரும்பும் முன் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க

புன்னக்காயல் பக்கத்திலிருந்து மலேசியாவுக்கு வேலைக்குப் போயிருக்கீங்களா? 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து உங்க பே ஸ்லிப்பில் இ.பி.எஃப் என்று ஒரு புது வரி வந்திருக்கும். வேலை பெர்மிட்டில் இருக்கிற வெளிநாட்டுக்காரங்களுக்கும் அங்கே இது இப்போ கட்டாயம். வீட்டு வேலை செய்பவர்களுக்கு மட்டும் விலக்கு. உங்க சம்பளத்தில் 2 சதவீதம் பிடிப்பாங்க, முதலாளி தன் கையிலிருந்து இன்னொரு 2 சதவீதம் போடணும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட், ஓவர்டைம் 600 என்று வைங்க. கையில் வர்றது 2,300-ஐ ஒட்டி இருந்தாலும், ஓவர்டைமுக்கு இ.பி.எஃப் கிடையாது. அதனால் 1,700-க்குத்தான் கணக்கு: உங்க பங்கு 34, முதலாளி பங்கு 34, மாசம் 68 ரிங்கிட். இரண்டு வருஷத்தில் 1,632, அதுக்கு மேல டிவிடெண்ட். பே ஸ்லிப்பில் 68 பிடிச்சிருந்தா, முதலாளி தன் பங்கையும் உங்க தலையில் கட்டிட்டார்னு அர்த்தம். சட்டப்படி அது தப்பு.

அடுத்து ஸ்டேட்மென்ட். KWSP-யின் i-Akaun-ல் உள்ளே போனா மாச வாரியாகத் தெரியும். இங்கேதான் பலர் குழம்புறாங்க. அக்டோபர் சம்பளத்துக்கான பணத்தை முதலாளி நவம்பர் 15-க்குள் கட்டணும், அது நவம்பர் மாசக் கணக்காகத்தான் பதிவாகும். ஒரு மாசம் தள்ளித் தெரிஞ்சா பதற வேண்டாம். ஆனா பே ஸ்லிப்பில் பிடிச்சிருக்கு, கட்ட வேண்டிய 15-ஆம் தேதி போய் சில வாரமாகியும் ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி இல்லேன்னா, பணம் பிடிச்சும் கட்டப்படாமல் இருக்கலாம். முதல்ல கம்பெனி ஹெச்.ஆரிடம் கேளுங்க. சரியாகலேன்னா பே ஸ்லிப் நகலோடு KWSP கிளையில் புகார் கொடுக்கலாம். அதனால ஸ்லிப்பைத் தூக்கிப் போடாதீங்க.

வேலை முடிஞ்சு ஒரேயடியாக ஊர் திரும்பும்போது முழுத் தொகையையும் எடுக்கலாம். இதை புன்னக்காயல் வந்த பிறகு பார்த்துக்கலாம்னு விடாதீங்க, அங்கே இருக்கும்போதே ஆரம்பிங்க. பாஸ்போர்ட் புதுப்பிச்சிருந்தா புது எண் உங்க கணக்கில் ஏறியிருக்கான்னு பாருங்க. பழைய எண்ணே இருந்தா பெயர் சரியாக இருந்தும் விண்ணப்பம் நின்னுடலாம். ஓ.டி.பி கணக்கில் பதிவு செஞ்ச மொபைல் எண்ணுக்கு வரும், அதனால சிம்மையும் அங்குள்ள வங்கிக் கணக்கையும் பணம் கைக்கு வரும்வரை மூடாதீங்க. என்னென்ன ஆவணம் வேணும்னு டிக்கெட் போடும் முன்னாலேயே கிளையில் கேட்டுடுங்க.

கடைசி மாசப் பங்கு நீங்க கிளம்பின பிறகுகூட வரலாம். அதனால் விண்ணப்பிக்கும் நாளில் தெரியும் மொத்தத்தையும், வர வேண்டிய பாக்கியையும் தனித்தனியா எழுதி வைங்க. இன்னைக்கே கடைசி மூணு பே ஸ்லிப்பை எடுத்து ஸ்டேட்மென்ட் பக்கத்தில் வச்சுப் பாருங்க. ஏதாவது மாசம் விடுபட்டிருந்தா கமெண்ட்டில் சொல்லுங்க.